ஒரு கிரைண்டர், இரண்டு பற்று: கடையைக் கேட்பதா, வங்கியில் முறையிடுவதா?

சென்னையில் வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் ஒரு பெரிய கடையில் ரூ. 8,450க்கு கிரைண்டர் வாங்கி, கடன் அட்டையில் பணம் செலுத்தினேன். பின் நம்பரை அழுத்திய பிறகு இயந்திரம் வெகுநேரம் சுற்றிக்கொண்டேயிருந்து, சீட்டு எதுவும் தராமல் நின்றுவிட்டது. "பணம் வரலை சார், இன்னொரு தடவை போட்டுடலாம்" என்றார் காசாளர். இரண்டாம் முறை சீட்டு வந்தது. மாத ஸ்டேட்மென்ட்டில் ஒரே தேதியில், அதே கடையின் பெயரில், அதே தொகை இருமுறை ஏறியிருந்தது.

கடை மேலாளர், சர்வர் கோளாறால் இப்படி ஆவது வழக்கம்தான் என்றும், ஏழு வேலை நாட்களில் பணம் தானாகத் திரும்பிவிடும் என்றும், தங்கள் கணக்கில் ஒரு தொகைதான் வந்திருக்கிறது என்றும் சொன்னார். பலரும் இந்தப் பதிலோடு திரும்பிவிடுகிறார்கள். கடன் அட்டையைப் பொறுத்தவரை இது எப்போது உண்மை, எப்போது சாக்குப்போக்கு என்பதை ஸ்டேட்மென்ட்டே காட்டிவிடும்.

அட்டையைப் போட்டவுடன் வங்கி செய்வது, அந்தத் தொகையை நம் கடன் வரம்பிலிருந்து ஒதுக்கி வைப்பது மட்டுமே. செயலியில் அது 'பெண்டிங்' என்று தெரியும். கடை அதைக் கோராவிட்டால் சில நாட்களில் தானாக மறைந்துவிடும். அந்த நிலையில் மேலாளர் சொன்னது சரியான பதில். ஆனால் தொகை ஸ்டேட்மென்ட்டில் பற்றாக ஏறிவிட்டது என்றால், கடையின் வங்கி அதை நம் வங்கியிடம் கோரிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு எதுவும் தானாகத் திரும்பாது. கடை ரீஃபண்ட் போட வேண்டும், அல்லது வங்கி மீட்க வேண்டும்.

டெபிட் அட்டையிலும் யு.பி.ஐ.யிலும் கணக்கிலிருந்து பணம் உடனே கழிந்துவிடுவதால், கழிந்தது என்பதை வைத்து அது கடைக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்ல முடியாது. கடைக்கு உறுதிச் செய்தி போகாத இத்தகைய பரிவர்த்தனைகளை ஐந்து நாட்களுக்குள் வங்கி தானே திருப்ப வேண்டும் என்றும், தவறினால் நாளொன்றுக்கு ரூ. 100 இழப்பீடு தர வேண்டும் என்றும் 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்தது. எனவே அங்கே கடையோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. நேரே வங்கிக்குப் போகலாம்.

என்னுடையது கடன் அட்டையில் ஏறிவிட்ட பற்று என்பதால் முதலில் கடையையே கேட்டேன். கடை மனம் வைத்தால் அதுதான் விரைவான வழி. தவிர, வங்கியில் தகராறு, அதாவது ஒரு பற்றை மறுக்கும் முறையீடு, எழுப்பும்போது கடையிடம் கேட்டதற்கான ஆதாரத்தை வங்கியும் எதிர்பார்க்கும். அதனால் வாய்ப்பேச்சை விட்டு மின்னஞ்சலில், இரு பற்றுகளின் தேதியையும் தொகையையும் ரெஃபரன்ஸ் எண்களையும் குறிப்பிட்டு எழுதினேன். ரீஃபண்ட் போட்டாகிவிட்டது என்று பதில் வந்தது. உண்மையாகவே போட்டிருந்தால் ஏ.ஆர்.என். எனப்படும் 23 இலக்க எண் ஒன்று இருக்கும். அதை வைத்து நம் வங்கி பணம் எங்கே நிற்கிறது என்று தேடலாம். அந்த எண்ணைக் கேட்டபோது பேச்சு மாறியது: அந்தத் தொகைக்குக் கடையிலேயே வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாமாம்! இந்த இடத்தில் கடையோடு பேசுவதை நிறுத்திக்கொண்டு வங்கிக்குப் போவதுதான் நல்லது. விசா அட்டைகளில் இரட்டைப் பற்றுக்கான தகராறை எழுப்ப, பரிவர்த்தனை பதிவானதிலிருந்து பொதுவாக 120 நாட்கள்தான் உண்டு. கடை இழுத்தடிக்கும் ஒவ்வொரு வாரமும் அந்த நாட்களிலிருந்துதான் கழிகிறது.

வங்கியின் படிவத்தில் 'மோசடி' என்ற காரணம் முதலில் கண்ணில் படும். அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கடைக்குப் போனதும் பின் நம்பர் போட்டதும் நாம்தான் என்பதால் அந்தக் கோரிக்கை எளிதில் தள்ளுபடியாகும். அதற்குள் அட்டையும் முடக்கப்பட்டுவிடும். 'ஒரே பரிவர்த்தனை இருமுறை' என்பதே உரிய காரணம். ஒரே பில், கிடைத்த ஒரே சீட்டு, கடையின் மின்னஞ்சல் ஆகியவற்றை இணைத்து, இரண்டில் எந்தப் பற்று சரியானது, எதை மறுக்கிறோம் என்பதை ரெஃபரன்ஸ் எண்ணோடு எழுத வேண்டும். வங்கி தற்காலிகமாகத் தொகையை வரவு வைத்தால் அதை முடிவாகக் கொள்ள முடியாது. கடை தனித்தனி விற்பனை என்று இரண்டு பில்களைக் காட்டினால் வரவு திரும்ப எடுக்கப்படும். வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் அளிக்கலாம்.

தகராறு பதிவானதும் கடையிலிருந்து தொலைபேசி வந்தது. புகாரைத் திரும்பப் பெற்றால் அன்றே பணத்தைப் போட்டுவிடுவதாகச் சொன்னார்கள். வரவு என் ஸ்டேட்மென்ட்டில் ஏறிய பிறகே திரும்பப் பெறுவேன் என்று எழுத்தில் பதில் அனுப்பினேன். கடைசியில் பணம் வங்கி வழியாகவே வந்தது. கடை தனியாக எதுவும் போடவில்லை. போட்டிருந்தால் ஒரே தொகை இருமுறை வரவாகி, அதை வங்கிக்குத் தெரிவித்து ஒன்றைத் திருப்ப வேண்டியிருந்திருக்கும்.