துணைக்கோள் கணக்குப் பயிற்சித்தாள்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பதினோராம் வகுப்பு ஈர்ப்பியல் பாடத்துக்கு டியூஷனில் பல ஆண்டுகளாக ஒரே அச்சுத் தாளைத்தான் கொடுத்து வருகிறேன். மற்ற தாள்களில் கேள்விக்குக் கேள்வி துணைக்கோள் மாறும். இதில் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் 1000 கிலோ துணைக்கோள் ஒன்றே கடைசிவரை வரும். அதனால் ஒரு விடையை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்க முடிகிறது.

முதல் கேள்வி சுற்றுக்காலம். GM = 4 × 10¹⁴, புவியின் ஆரம் 6400 கி.மீ. என்று தாளின் தலைப்பிலேயே இருக்கிறது. r என்பது புவி மையத்திலிருந்து உள்ள தூரம், அதாவது 6800 கி.மீ. v = √(GM/r) என்று போட்டால் வேகம் நொடிக்கு 7.67 கி.மீ., சுற்றுக்காலம் சுமார் 93 நிமிடம். பல பிள்ளைகள் r இருக்கும் இடத்தில் உயரத்தையே, 400 கி.மீ. என்று போட்டுவிடுவார்கள். அப்போது வேகம் 31.6 கி.மீ. என்று வரும். புவிப்பரப்பில் விடுபடு வேகமே 11.2 கி.மீ.தான். அதைப்போல மூன்று மடங்கு வேகத்தில் போவது எப்படிப் புவியைச் சுற்றும் என்று கேட்டால் போதும், அவர்களே அழித்துவிட்டுத் திரும்பப் போடுவார்கள்.

அடுத்து மொத்த ஆற்றல், −GMm/2r. விடை −2.94 × 10¹⁰ ஜூல். இங்கிருந்து விடுபடு வேகத்துக்குத் தாள் போகும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. புவியை விட்டுப் போக மொத்த ஆற்றல் சுழியத்துக்கு வரவேண்டும். அதற்கு இன்னும் 2.94 × 10¹⁰ ஜூல் வேண்டும். துணைக்கோளிடம் இருக்கும் இயக்க ஆற்றலும் சரியாக அதே அளவுதான். ஆக இயக்க ஆற்றல் இரண்டு மடங்காகிறது, வேகம் √2 மடங்காகிறது: 10.85 கி.மீ. 11.2 என்று மனப்பாடமாக எழுதுபவர்கள் இந்த இடத்தில்தான் நின்று யோசிக்கிறார்கள்.

கடைசிக் கேள்வி தாளிலேயே சிறந்தது. காற்றின் உராய்வால் துணைக்கோள் மெல்ல 300 கி.மீ.க்கு இறங்கினால் வேகம் என்ன ஆகும்? குறையும் என்றுதான் வகுப்பே சொல்லும். போட்டுப் பார்த்தால் 7.73 கி.மீ., கூடியிருக்கிறது. நிலை ஆற்றலில் சுமார் 8.8 × 10⁸ ஜூல் குறைகிறது. அதில் பாதி இயக்க ஆற்றலாகிறது, மீதிப் பாதி உராய்வில் வெப்பமாகப் போகிறது. இந்தக் கணக்குக்கு மட்டும் ஒரு முழு வகுப்பு ஒதுக்குவேன்.

குறை என்றால் அச்சுதான். அடுக்கு எண்கள் மிகப் பொடி. ஜெராக்ஸ் எடுத்தால் 10¹⁴ என்பது 10¹¹ மாதிரி தெரியும், அப்படிப் போட்டால் வேகம் நொடிக்கு 0.24 கி.மீ. என்று வந்து நிற்கும். நகல் எடுக்கும் முன் அடுக்குகளைப் பேனாவால் பெரிதாக எழுதிவிடுங்கள். விடைக்குறிப்பில் இறுதி எண் மட்டும் இருப்பதால், வீட்டில் தனியாகப் படிப்பவர்களுக்கு இந்தத் தாளை நான் சொல்லமாட்டேன். பக்கத்தில் ஒருவர் இருந்து கேள்வி கேட்கவேண்டும்.