பிரசவ வலியா, நஞ்சுக்கொடி பிரிதலா?

எட்டாம் மாதம், பிரஷர் மாத்திரை சாப்பிடும் பெண். வயிறு வலிக்கிறது, கொஞ்சம் ரத்தமும் படுகிறது. "சூட்டு வலியா இருக்கும், படுத்துப் பாரு" என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா, கிளம்பலாமா?

வலி: பிரசவ வலி விட்டுவிட்டு வரும். நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிந்தால் பெரும்பாலும் விடாமல் வலிக்கும். சிலருக்கு முதுகில் மட்டும்.

வயிறு: பிரசவ வலியில் இடையிடையே இளகும். மற்றதில் பலகை போல இறுகியே இருக்கும், தொட்டாலே வலிக்கும்.

ரத்தம்: பிரசவத்துக்கு முன் சளியோடு லேசாகப் படும். பிரிதலில் பெரும்பாலும் கருஞ்சிவப்பாக வரும். ஏமாற்றுவது இதுதான்: நஞ்சுக்கொடிக்குப் பின்னால் ரத்தம் தேங்கிவிட்டால் வெளியே துளிகூட வராமல், தாய்க்கு மயக்கம் வரலாம். ஸ்கேனிலும் இது தெரியாமல் போவதுண்டு.

விட்டுவிட்டு வரும் வலி, குழந்தை நன்றாக அசைகிறது, மாதமும் நிறைந்துவிட்டது என்றால் மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்டுக் கிளம்பலாம். வயிறு இளகவில்லை, ரத்தம் வருகிறது, அசைவு குறைந்தது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108.

உயர் ரத்த அழுத்தம், முன்பு இதே பாதிப்பு, இரட்டைக் குழந்தை, புகைப்பழக்கம், முன்கூட்டியே பனிக்குடம் உடைதல் இருந்தால் ஆபத்து கூடுதல். வண்டியிலிருந்து விழுந்தவர் வலியே இல்லாவிட்டாலும் போக வேண்டும். குழந்தையின் இதயத்துடிப்பைச் சில மணி நேரமாவது கவனிப்பார்கள்.