பைசெக்‌ஷன் முறையோடு பல வருடம்: ஏன் கைவிடாது, ஏன் இவ்வளவு மெதுவு

நான், விடை இருக்கும் இடைவெளியைப் பாதி பாதியாகச் சுருக்கித் தேடும் முறையான பைசெக்‌ஷனை அதிகம் பயன்படுத்துவது ஒரே வேலைக்குத்தான். கடன் தொகை தெரியும், மாதத் தவணை தெரியும், எத்தனை மாதம் என்றும் தெரியும், ஆனால் உண்மையான வட்டி விகிதம் என்ன என்று தெரிய வேண்டும். தவணைச் சூத்திரத்தை எப்படித் திருப்பிப் போட்டாலும் வட்டி தனியாக ஒரு பக்கம் வந்து நிற்காது, அதனால் எண்களைப் போட்டுப் பார்த்துத்தான் நெருங்க வேண்டும். அதற்கு எத்தனையோ வழி இருந்தும் பல வருடமாக நான் திரும்பத் திரும்ப வந்து சேர்வது இந்த முறையிடம்தான். அதன் நல்லது கெட்டது இரண்டையும் ஒரு கணக்கை முழுசாகப் போட்டே சொல்லிவிடுகிறேன்.

ஒரு லட்சம் ரூபாய் கடன், ஃபிளாட் 10 சதவீதம், மூன்று வருடம் என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாட் என்றால் கட்டக் கட்ட அசல் குறைவதைக் கணக்கில் எடுக்காமல் முழு ஒரு லட்சத்துக்கும் மூன்று வருடமும் வட்டி போடுவது. வட்டி 30,000, மொத்தம் 1,30,000, அதை 36 ஆல் வகுத்தால் மாதம் 3,611 ரூபாய் 11 பைசா. இப்போது, குறையும் அசல் மீது மட்டும் வட்டி போட்டால் இதே தவணைக்கு எந்த விகிதம் பொருந்தும்? மாத வட்டி r சதவீதம் என்று ஒரு எண்ணை எடுத்து, அந்த வட்டிக்கு 36 தவணைகளின் இன்றைய மதிப்பை, அதாவது இனி கட்டப்போகும் தவணைகள் எல்லாம் சேர்ந்து இன்று எவ்வளவு தொகைக்குச் சமம் என்பதைக் கணக்கிட்டு, அதிலிருந்து ஒரு லட்சத்தைக் கழிக்கிறோம். அந்த வித்தியாசம்தான் f(r). அது பூஜ்ஜியமாகும் r நமக்கு வேண்டிய விடை.

மாதம் 1 சதவீதம் போட்டால் இன்றைய மதிப்பு ஏறக்குறைய 1,08,721 ரூபாய், அதாவது f நேர்குறி. 2 சதவீதம் போட்டால் 92,043, f எதிர்குறி. வட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால் இந்த மதிப்பு எங்கேயும் தாவாமல் தொடர்ச்சியாகக் குறைகிறது, ஆகவே 1-க்கும் 2-க்கும் நடுவில் எங்கோ அது பூஜ்ஜியத்தைத் தொட்டே ஆக வேண்டும். போல்சானோ 1817-ல் நிரூபித்த விஷயம் இது, பைசெக்‌ஷன் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. நடுப்புள்ளியை எடுத்து அதன் குறியைப் பார்க்கிறோம், எந்தப் பாதியின் இரண்டு முனைகளிலும் குறி மாறியிருக்கிறதோ அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுகிறோம்.

இது எப்போதும் விடையில் போய் முடிவதற்குக் காரணம் இதில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை என்பதுதான். ஒவ்வொரு முறையும் இடது முனை நகர்ந்தால் வலப்பக்கமாகத்தான் நகரும், வலது முனை இடப்பக்கமாகத்தான், நடுவில் உள்ள அகலம் ஒவ்வொரு தடவையும் சரிபாதி. அகலம் பூஜ்ஜியத்தை நோக்கிப் போவதால் இரண்டு முனைகளும் ஒரே புள்ளியை நெருங்குகின்றன. நம் கணக்கில் இடது முனையில் f எப்போதும் நேர்குறி, வலது முனையில் எப்போதும் எதிர்குறி. f தொடர்ச்சியானது என்பதால் அந்தப் புள்ளியில் அது பூஜ்ஜியத்தைவிடக் குறைவாகவும் இருக்க முடியாது, அதிகமாகவும் இருக்க முடியாது. சரி, அப்படியானால் பூஜ்ஜியம்தான். சரிவு எவ்வளவு, வளைவு எப்படி, ஆரம்பம் விடைக்குப் பக்கத்தில் இருந்ததா என்பதெல்லாம் இந்த வாதத்தில் வரவே இல்லை, சரிவைப் பிடித்துக்கொண்டு தாவும் நியூட்டன் முறை அப்படி இல்லை.

இப்போது கணக்கை ஓட்டிப் பார்ப்போம். முதல் நடுப்புள்ளி 1.5. அங்கே இன்றைய மதிப்பு 99,886, வித்தியாசம் வெறும் 114 ரூபாய்! ஒரு பக்கம் எட்டாயிரத்து எழுநூறு, மறுபக்கம் ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் என்று இருந்த இடத்தில் 114 என்றால் விடை 1.5-ஐ ஒட்டித்தான் இருக்கிறது என்று யாருக்கும் தெரியும். பைசெக்‌ஷனுக்குத் தெரியாது. அது குறியை மட்டும்தான் பார்க்கிறது, எதிர்குறி என்றதும் 1 முதல் 1.5 வரை என்று இடைவெளியைச் சுருக்கிவிட்டு அடுத்து 1.25-க்குப் போய்விடும். அங்கே வித்தியாசம் 4,171 ரூபாய்! அப்புறம் 1.375, 1.4375, 1.46875, 1.484375 என்று படிப்படியாக ஏறி, ஏழாவது நடுப்புள்ளியான 1.4921875-ல்தான் முதல் நடுப்புள்ளியை முந்துகிறது. உண்மையான விடை 1.49314, வருடத்துக்கு 17.92 சதவீதம். 10 என்று சொன்ன வட்டி ஏறக்குறைய 18 ஆகிவிடுகிறது, இதைத் தவணை கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

இந்த முறை மெதுவாக இருப்பதற்கான காரணம் முழுக்க அந்த 114 ரூபாயில் இருக்கிறது. ஒரு தடவை f-ஐக் கணக்கிட 36 தவணைக்கான கணக்கைப் போடுகிறோம், கிடைத்த எண்ணில் ஏகப்பட்ட தகவல் இருக்கிறது, ஆனால் நாம் எடுத்துக்கொள்வது இடதா வலதா என்ற ஒரே ஒரு பதிலை, அதாவது ஒரு பிட். மீதியெல்லாம் வீண். அதே 1.5-லிருந்து நியூட்டன் முறையில் ஒரே ஒரு அடி வைத்தால் 1.4931 வந்துவிடும், ஏனென்றால் அது 114-ஐயும் அந்த இடத்துச் சரிவையும் சேர்த்துப் பயன்படுத்துகிறது.

ஆனால் இந்த மெதுவுக்குள் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது: எத்தனை தடவை பாதியாக்க வேண்டும் என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடலாம். ஆரம்ப அகலம் w என்றால் n தடவைக்குப் பிறகு அகலம் w/2^n. கடைசியில் மிஞ்சும் இடைவெளியின் நடுப்புள்ளியை விடையாகச் சொன்னால் பிழை அதில் பாதிக்கு மேல் போகாது, அதாவது w/2^(n+1). இந்தக் கூடுதல் ஒன்றைச் சிலர் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள், அதனால்தான் ஒரு புத்தகத்துக்கும் இன்னொன்றுக்கும் விடை ஒன்று வித்தியாசப்படும். முனையை விடையாகச் சொல்கிறோமா, நடுப்புள்ளியைச் சொல்கிறோமா என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

வருட வட்டி 0.01 சதவீதப் புள்ளிக்குள் சரியாக இருக்க வேண்டும் என்றால் மாத வட்டியில் 0.01/12. ஆரம்ப அகலம் 1, ஆக 2^(n+1) குறைந்தது 1200 ஆக இருக்க வேண்டும். 2^10 = 1024 போதாது, 2^11 = 2048 போதும், எனவே n = 10.

```python
from math import ceil, log2

P, N = 100000, 36
A = 130000 / N

def f(r):
    i = r / 100
    return A * (1 - (1 + i) ** -N) / i - P

a, b, eps = 1.0, 2.0, 0.01 / 12
n = ceil(log2((b - a) / eps)) - 1
for _ in range(n):
    m = (a + b) / 2
    if (f(m) > 0) == (f(a) > 0):
        a = m
    else:
        b = m
print(12 * (a + b) / 2)
```

இது 17.912 என்று தரும், உண்மையான 17.918-க்கு 0.006 தள்ளி, வாக்குக் கொடுத்த எல்லைக்குள்தான். இதில் ஒன்றைக் கவனியுங்கள், பத்தாவது நடுப்புள்ளி 1.493164 விடைக்கு மிகமிக அருகில் இருந்தது, அதையும் தாண்டிப் போய் கொஞ்சம் மோசமான 1.492676-ஐத்தான் கடைசியில் சொல்கிறோம். ஒவ்வொரு நடுப்புள்ளியின் பிழையும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஒழுங்காகக் குறைவது இடைவெளியின் அகலம் மட்டுமே, உத்தரவாதமும் அதற்குத்தான்.

மனக்கணக்குக்கு ஒரு வழி: 2^10 ஏறக்குறைய ஆயிரம் என்பதால் பத்துத் தடவை பாதியாக்கினால் மூன்று தசம இடம் கூடுகிறது. ஆறு இடத்துக்கு இருபது, ஒன்பதுக்கு முப்பது. இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்கிறது. ஆரம்ப இடைவெளியை ஆயிரம் மடங்கு அகலமாக எடுத்தாலும் கூடுவது பத்துத் தடவைதான், எனவே ஆரம்ப எல்லையைக் கச்சிதமாகப் பிடிக்க நேரம் செலவழிக்க வேண்டிய தேவையே இல்லை.

தொல்லை தரும் இடங்களும் உண்டு. இதே கணக்கில் இடது முனையை 0 என்று வைத்தால் சூத்திரத்தில் பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டி வந்து நிரல் நின்றுவிடும். அதைத் தவிர்க்கச் சூத்திரம் முழுவதையும் வட்டியால் பெருக்கிவிடலாம் என்று தோன்றும், அது இன்னும் ஆபத்து. அப்போது r = 0 என்பதே ஒரு பொய்த் தீர்வாகிவிடும், மேலே உள்ள நிரல் ஒவ்வொரு முறையும் வலது முனையைப் பாதியாக்கிக்கொண்டே போய் வட்டியே இல்லை என்று அமைதியாகச் சொல்லும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. நான் இடது முனையை எப்போதும் 0.01 போல ஒரு சிறு நேர் எண்ணில் வைக்கிறேன்.

தொடர்ச்சி இல்லாத இடத்தில் குறி மாறினாலும் இதே மாதிரி ஏமாற்றும். tan x-ஐ 1-க்கும் 2-க்கும் நடுவில் கொடுத்தால் குறி மாறுகிறது, முறையும் ஒழுங்காகச் சுருங்கி 1.5708-ல் போய் நிற்கும், ஆனால் அங்கே tan பூஜ்ஜியமாவதில்லை, வெடிக்கிறது. இருபது தடவைக்குப் பிறகு முனைகளில் அதன் மதிப்பு பத்து லட்சத்தைத் தாண்டியிருக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: உண்மையான தீர்வை நெருங்கினால் f சுருங்க வேண்டும், இங்கே வளர்கிறது. அதனால் கடைசியில் r-ஐ மட்டும் அச்சிடாமல் f(r)-ஐயும் சேர்த்து அச்சிடுங்கள்.

இன்னொன்று, அகலம் இவ்வளவுக்குக் கீழே போகும்வரை ஓடு என்று while போட்டு, அந்த அளவை 1e-16 என்று கொடுத்தால் மேலே உள்ள கணக்கு முடியவே முடியாது. 1-க்கும் 2-க்கும் நடுவில் இரட்டைத் துல்லிய எண்களுக்கு இடையே உள்ள தூரமே ஏறக்குறைய 2.2e-16. ஐம்பத்திரண்டு தடவை பாதியாக்கியதும் இரண்டு முனைகளும் அடுத்தடுத்த எண்களாகிவிடும், அதற்குமேல் நடுவில் எண்ணே கிடையாது, நடுப்புள்ளி ஒரு முனையிலேயே விழும். நான் for-ல் எண்ணிக்கையை முன்கூட்டியே போட்டு ஓட்டுவதற்கு இதுதான் முதல் காரணம்.

ஒரு கடன், ஒரு விடை என்றால் பத்துத் தடவையோ நாற்பது தடவையோ கண் இமைக்கும் நேரம்தான், வேறு எதையும் தேட மாட்டேன். ஆயிரக்கணக்கான கடன்களுக்கு ஒரே நேரத்தில் போடும்போது மட்டும் scipy-யில் உள்ள brentq-க்கு மாறுகிறேன். பிரெண்ட் 1973-ல் வெளியிட்ட முறை அது, நம் 114 ரூபாய் போன்ற தகவலைப் பயன்படுத்தி வேகமாகப் பாயும், பாய்ச்சல் சரிப்பட்டு வராத அடியில் பாதியாக்கலுக்கே திரும்பிவிடும், அதற்கும் குறி மாறும் இரண்டு முனைகளைக் கொடுத்தே ஆக வேண்டும்.