முதுகுக்குச் சுகம், லேப்டாப்புக்கு ஈரம்

போன வாரம் என் பையின் இடது தோள்வார் மேல்தையலோடு பிய்ந்துவிட்டது. வடசேரியில் தைக்கக் கொடுத்து வாங்கி வந்த அன்றைக்கே ஆபீஸ் தம்பி கேட்கிறான்: "அண்ணே, அதே பை இப்போ 600 ரூபா குறைஞ்சு கெடக்கு, வாங்கட்டா?"

சட்டென்று பதில் வரவில்லை. இரண்டு வருடமாகத் தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் பைக்கில் இதைத்தான் சுமக்கிறேன். லேப்டாப், சார்ஜர், சோற்றுப்பாத்திரம், ஒரு லிட்டர் தண்ணீர் என்று எப்படியும் 6 கிலோ வரும். லேப்டாப் அறை முதுகை ஒட்டியே இருப்பதால் கனம் பின்னால் இழுப்பதில்லை. முதுகுப் பக்கம் விரல் தடிமனுக்கு ஸ்பாஞ்சு, மேலே வலைத்துணி, நடுவே காற்றுப் போக ஒரு பள்ளம். தோள்வாரைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் பையின் அடி சீட்டில் உட்கார்ந்துகொள்ளும், தோளுக்கு வேலையே இல்லை. இந்த விஷயத்தில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

அந்த ஸ்பாஞ்சுதான் வில்லனும். ரெயின் கவர் பையின் வெளிப்பக்கத்தை மட்டுமே மூடும். முதுகுப் பக்கம் திறந்தே கிடக்கும், தோள்வார் வெளியே வர வேண்டுமே. இடவப்பாதி மழையில் ஹெல்மெட்டிலிருந்து வடியும் தண்ணீர் கழுத்து வழியாக ரெயின்கோட்டில் இறங்கி, முதுகுக்கும் பைக்கும் நடுவே புகுந்து, ஸ்பாஞ்சில் ஊறிவிடுகிறது. அதற்கு அந்தப் பக்கம்தான் லேப்டாப்! முதல் மழையில் ஆபீஸ் போய்க் கவரைக் கழற்றினால் முன்பக்கம் காய்ந்த ஓலை மாதிரி இருக்கிறது, லேப்டாப் உறையின் கீழ்மூலை சொதசொத. கவரின் அடியில் அரை டம்ளர் தண்ணீர் வேறு தேங்கி நின்றது. வடிய ஒரு ஓட்டை போட்டிருக்கக் கூடாதா?

நம் ஊரில் ரப்பர் மரத்துக்கு மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பாவாடை கட்டுகிறோம். அதன் மேல்விளிம்பை மரத்தோடு பசை வைத்து ஒட்டுவதே, மேலிருந்து தண்டு வழியாக வடியும் தண்ணீர் வெட்டுப்பட்டைக்கு இறங்காமல் இருக்கத்தான். மரத்துக்குத் தெரிந்த சூட்சுமம் பை செய்கிறவர்களுக்குத் தெரியவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். லேப்டாப்பைக் கெட்டியான பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை மடித்து, மடிப்பு மேலே வரும்படி வைக்கிறேன். ரெயின் கவரின் அடியில் சூடான ஊசியால் இரண்டு ஓட்டை. பெருமழை என்றால் பையை மாட்டிக்கொண்டு அதற்கு மேலே இரண்டு சைஸ் பெரிய ரெயின்கோட். கூனன் மாதிரி தெரியும், தெரியட்டும். நனைந்த ஸ்பாஞ்சு மட்டும் மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும், நாற்றமும் வரும்.

தோள்வார் பிய்ந்ததற்குப் பையைத் திட்ட மாட்டேன். கனத்தோடு எப்போதும் ஒரே வாரைப் பிடித்துச் சீட்டிலிருந்து இழுத்துத் தூக்கியது நான்தான். தூக்க மேலே ஒரு கைப்பிடி இருக்கிறது.

தம்பியிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். ஆனால் அந்த 600 ரூபாய் குறைந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்கே இன்னொன்று வாங்கி வைத்தால் என்ன என்று இருக்கிறது.