பிறந்தநாள் பரிசு: 20% தள்ளுபடியா, இலவச ஐப்ரோவா?

பியூட்டி பார்லரில் பிறந்தநாள், திருமண நாள் வாழ்த்து தானாகப் போக ஏற்பாடு செய்பவர்கள் தயங்குவது இந்த இடத்தில்தான்.

செலவு
தள்ளுபடி: 1,000 ரூபாய் ஃபேஷியலில் 200 ரூபாய் போய்விடும். எப்படியும் வரவிருந்தவருக்கும் அதே இழப்பு.
ஐப்ரோ: கொஞ்சம் நூல், ஊழியரின் பத்து நிமிடம். கூட்டமில்லாத செவ்வாய், புதனுக்கு மட்டும் என்றால் அந்த நேரமும் சும்மா கிடந்ததுதான்.

திரும்ப வரவைப்பது
தள்ளுபடி: பெரிய வேலை செய்ய நினைத்தவருக்கே பயன்.
ஐப்ரோ: பணம் எடுக்காமலே வரலாம். வந்து உட்கார்ந்தபின் ஹேர்கட்டோ ஃபேஷியலோ கேட்பவர்கள் உண்டு. ஆனால் வற்புறுத்தினால் அது பரிசாக இருக்காது.

சொல்வது
தள்ளுபடி: எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று நிபந்தனை நீளும். தமிழ் எஸ்எம்எஸ் 70 எழுத்துக்குறிகளைத் தாண்டினால் இரண்டாகக் கணக்காகும். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி.
ஐப்ரோ: ஒரு வரி போதும்.

எதைக் கொடுத்தாலும் வாழ்த்து ஒரு வாரம் முன்னதாகப் போகட்டும். 30 நாள் செல்லுபடி வையுங்கள். வாடிக்கையாளர் பட்டியலில் பிறந்தநாளாக ஜனவரி 1 மட்டும் குவிந்திருந்தால், தேதி தெரியாதபோது நிரப்பியதாக இருக்கலாம், கேட்டுத் திருத்துங்கள்.

மாதாமாதம் வருபவர் எப்படியும் வருவார், அவருக்கு ஐப்ரோ. ஆறு மாதமாக வராதவருக்கும், திருமண நாளுக்கு ஃபேஷியல் செய்பவருக்கும் தள்ளுபடி.