ஆள்வாரிக் கணக்கா, பிரிவின் கணக்கா? அரசு அலுவலகத்தில் டெய்லரும் மேயோவும்

அரசு அலுவலகத்தில் ஒரு பிரிவை நடத்தும் பொறுப்பு வந்தபோது நான் முடிவெடுக்க வேண்டியிருந்த விஷயம் இது. மாதக் கடைசியில் யார் எத்தனை கோப்பு முடித்தார் என்று பெயர் போட்டுப் பட்டியல் ஒட்டுவதா, அல்லது பிரிவு முழுவதற்கும் சேர்த்து நிலுவையைப் பார்ப்பதா? நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். நிர்வாகவியல் பாடத்தில் டெய்லரின் அறிவியல் மேலாண்மை என்றும், மேயோவின் மனித உறவுக் கோட்பாடு என்றும் படிக்கிறோமே, அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கேள்விதான் இது.

அடிப்படை எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு வேலைக்கும் சிறந்த வழி ஒன்று உண்டு, அதைக் கடிகாரம் வைத்துக் கண்டுபிடித்து, அதன்படி செய்பவருக்குக் கூடுதல் கூலி கொடு என்றார் டெய்லர். சிகாகோ பக்கத்திலிருந்த ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளை வைத்து, ஆள் தனியாக வேலை செய்வதில்லை, குழுவாகத்தான் செய்கிறான், அந்தக் குழுவின் மனநிலைதான் உற்பத்தியைத் தீர்மானிக்கிறது என்றது மேயோ தரப்பு. இரண்டுமே தனியார் ஆலைகளில் பிறந்தவை. அரசு வேலைக்குள் வந்தபோது என்ன ஆயின என்பதுதான் நமக்கு வேண்டியது.

டெய்லர் முறை அரசுக்குள் வந்த மிகத் தெளிவான இடம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருந்த வாட்டர்டவுன் ராணுவத் தளவாடச் சாலை. ராணுவத் தளவாடத் துறையின் தலைவர் ஜெனரல் குரோஷியர் 1909இல் டெய்லரின் சீடர் கார்ல் பார்த்தை அங்கே அழைத்துவந்தார். முதலில் இயந்திரக் கூடத்தில் கைவைத்தார்கள். கருவிகளை ஒரே இடத்தில் வைத்துத் தீட்டிக் கொடுப்பது, இயந்திரங்களின் பெல்ட்டுகளைச் சரியாகப் பராமரிப்பது, அடுத்த வேலைக்கான பொருளை முன்கூட்டியே கொண்டுவந்து வைப்பது என்று ஏற்பாடுகள் வந்தன. செலவு குறைந்தது, பெரிய தகராறு எதுவும் இல்லை. 1911 ஆகஸ்டில் வார்ப்படக் கூடத்துக்குள் ஸ்டாப்வாட்ச் நுழைந்தபோதுதான் எல்லாம் வெடித்தது. உருக்கிய உலோகத்தை ஊற்றும் அச்சு செய்யும் தொழிலாளி ஒருவர் தன் வேலைக்கு நேரம் எடுக்க விடமாட்டேன் என்றார், அவரை நீக்கினார்கள், மற்ற அச்சுத் தொழிலாளர்களும் வெளியே வந்துவிட்டார்கள். வேலைநிறுத்தம் நீடித்தது ஒரு வாரம் போலத்தான். ஆனால் விஷயம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போய், சிறப்புக் குழு அமைந்து, டெய்லரே 1912இல் அதன் முன் வந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 1915இல் ராணுவ நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே ஸ்டாப்வாட்ச்சுக்குத் தடை எழுதினார்கள். 1940களின் கடைசிவரை அந்தத் தடை நீடித்தது.

இதில் நான் கவனிப்பது, ஒரே தளவாடச் சாலையில் ஒரே முறையின் இரண்டு பாதிகள் இரண்டு விதமாகப் போனதைத்தான். வேலையை ஒழுங்கு செய்த பாதியைப் பெரிய எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். ஆளை அளந்த பாதியை எதிர்த்தார்கள். அலுவலகத்திலும் அப்படியே. படிவத்தைச் சுருக்குவது, பதிவேட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது, வரும் தபாலை அன்றே பிரித்துக் கொடுப்பது எல்லாம் டெய்லர் வழி வேலைகள்தான். அவற்றை நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன். ஆள் தலைக்கு எண்ணிக்கை வைப்பதில்தான் எனக்குச் சண்டை.

அந்தச் சண்டைக்கு ஆதாரம் ஹாதார்ன் அல்ல. பீட்டர் பிளா என்ற சமூகவியலாளர் 1940களின் இறுதியில் ஓர் அமெரிக்க மாநில வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்து, 1955இல் வெளியிட்ட ஆய்வு. அங்கே வேலை தேடி வருபவர்களை நேர்காணல் செய்து, காலியிடம் உள்ள நிறுவனங்களுக்கு அனுப்புவார்கள். ஆரம்பத்தில் எத்தனை நேர்காணல் முடித்தார் என்பதை வைத்தே ஒவ்வொரு ஊழியரையும் மதிப்பிட்டார்கள். விளைவு, வந்தவரை அவசரமாக அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். வேலை வாங்கித் தருவது பின்னுக்குப் போய்விட்டது. இதைச் சரிசெய்ய, எத்தனை பேரை அனுப்பினார், அதில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று மேலும் பல கணக்குகளைச் சேர்த்தார்கள். அதற்கும் ஊழியர்கள் வழி கண்டுபிடித்தார்கள். தற்காலிகமாக நிறுத்தப்பட்டு, எப்படியும் பழைய இடத்துக்கே திரும்பப் போகிறவரை, தாங்களே அனுப்பி வேலை வாங்கித் தந்ததுபோல் பதிவு செய்துகொண்டார்கள்.

இதைவிட முக்கியமானது காலியிடச் சீட்டு. ஒரு நிறுவனம் தொலைபேசியில் காலியிடம் சொன்னால், எடுத்தவர் அதைச் சீட்டில் எழுதிப் பொதுப் பெட்டியில் போட வேண்டும். யாரிடம் பொருத்தமான ஆள் வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். தன் பெயருக்கு எண்ணிக்கை வேண்டும் என்ற நிலையில் யார் போடுவார்? ஒரு பிரிவில் சீட்டுகளை ஒளித்துவைத்தார்கள். இன்னொரு பிரிவில் மேலாளர் அந்தப் புள்ளிவிவரத்துக்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்கவில்லை, ஊழியர்களுக்கும் வேலை உறுதி இருந்தது. அங்கே சீட்டுகள் பொதுவாகவே இருந்தன. பதுக்கியவரை மற்றவர்கள் ஒதுக்கினார்கள். முடிவில் வந்த காலியிடங்களில் கூடுதல் பங்கை நிரப்பியது அந்தக் கூட்டுறவுப் பிரிவுதான். போட்டிப் பிரிவில் பதுக்கியவர் தனி ஆளாக முன்னே நின்றார், பிரிவு மொத்தத்தில் பின்தங்கியது. என்னைப் பொறுத்தவரை இந்த ஒப்பீட்டில் தீர்ப்பைச் சொல்வது இந்த ஒரு உண்மைதான். வார்ப்பட அச்சு ஒருவர் கையில் தொடங்கி அவர் கையிலேயே முடியலாம். அலுவலக வேலையில் ஒருவரிடம் இருக்கும் தகவல் இன்னொருவருக்குத் தேவைப்படுகிறது. ஆள்வாரிக் கணக்கு அந்தத் தகவலை மேசைக்குள் பூட்டிவிடுகிறது.

பிளா பார்த்த இன்னொரு அலுவலகம் அமெரிக்க மத்திய அரசின் சட்ட அமலாக்கத் துறை. நிறுவனங்களின் கணக்கைச் சோதிக்கும் அதிகாரிகள் சந்தேகத்தை மேலாளரிடம் மட்டும்தான் கேட்க வேண்டும் என்பது விதி. மதிப்பெண் போடுபவரும் அவரே என்பதால் யாரும் அவரிடம் போகத் தயங்கினார்கள். விதியை மீறிப் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டார்கள். அப்படிக் கேட்டதால் முடிவுகள் நன்றாகவே அமைந்தன, வேலையில் பயமும் குறைந்தது.

என் பிரிவிலும் பெயர்ப் பட்டியல் இல்லாததால் இந்த மாதிரிக் கேட்பது கூடியது, கடினமான கோப்புகள் மூலையில் கிடப்பது குறைந்தது. அது சின்னப் பிரிவு, எல்லோரும் ஒரே அறையில் இருந்தோம். நூறு பேர் பல மாடிகளில் இருக்கும் அலுவலகத்தில் இது இப்படியே ஓடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

மேயோ தரப்பை நான் முழுதாக நம்பவும் இல்லை. ஹாதார்னில் தொலைபேசிக்கான ரிலே என்ற பாகத்தைப் பொருத்தும் அறையில் பெண்களின் உற்பத்தி உயர்ந்ததற்கு நல்ல மனநிலைதான் காரணம் என்றார்கள். அவர்களுக்குச் சிறு குழுக் கணக்கில் கூலியும் மாற்றியமைக்கப்பட்டிருந்தது. அதைப் பின்னால் வந்த விமர்சகர்கள் சரியாகவே சுட்டிக்காட்டினார்கள். அதே ஆலையில் 1931–32இல் கவனித்த வயரிங் அறையில் 14 ஆண்கள் நல்ல ஒட்டுறவோடு இருந்தார்கள். அந்த ஒட்டுறவை வைத்தே ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று எல்லை போட்டார்கள். அதிகம் செய்தவரைக் கேலி செய்தார்கள், கையில் குத்தினார்கள். ஒரு நாள் கூடுதலாகச் செய்ததை மறுநாள் கணக்கில் காட்டினார்கள்.

அரசு அலுவலகத்தில் இது நடக்கிறதா என்று கண்டுபிடிக்க அந்தக் கடைசி விஷயம்தான் உதவும். வேலை வரத்து ஏறி இறங்கும்போதும் பிரிவின் எண்ணிக்கை மாதாமாதம் ஒரே அளவில் நின்றால், உள்ளே எல்லை போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்போதும் நான் பெயர்ப் பட்டியலுக்குப் போவதில்லை. பிரிவில் மிகப் பழைய மனு எத்தனை நாளாகக் காத்திருக்கிறது என்று பார்ப்பேன், அதை வாராவாரம் எல்லோர் முன்னாலும் கேட்பேன். அந்த நாள் கணக்கு பிரிவுக்கே பொதுவானது என்பதால் அதை ஒளிப்பதில் யாருக்கும் லாபம் இல்லை.