ஒட்டரிசியில் குளூட்டன் இல்லை: பாக்கெட் மாவா, மில்லா, வீட்டு மிக்சியா?

ஒட்டரிசியின் ஆங்கிலப் பெயரான குளூட்டினஸ் ரைஸ் என்பதைப் பாக்கெட்டில் பார்த்ததுமே, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்கள் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறார்கள். அப்படி வைக்கத் தேவையில்லை. தாய்லாந்து, லாவோஸ் பக்கத்து வெள்ளை ஒட்டரிசி ஆகட்டும், பர்மாவிலிருந்து நகரத்தார் வழியாகச் செட்டிநாட்டுக்கு வந்த கருப்பு ஒட்டரிசியான கவுனி ஆகட்டும், எந்த அரிசியிலும் குளூட்டன் கிடையாது. எங்கள் மகளுக்குச் சீலியாக் என்று உறுதியான பிறகு, ஒட்டரிசி மாவுக்கு மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒன்று, கடையில் விற்கும் பாக்கெட் மாவு. இரண்டு, அரிசியாக வாங்கித் தெருமுனை மாவு மில்லில் அரைப்பது. மூன்று, அதே அரிசியை வீட்டு மிக்சியில் அரைப்பது. நாங்கள் மூன்றாவதில்தான் நிற்கிறோம். அதற்கான காரணம் அரிசியில் இல்லை, அரைக்கும் இடத்தில் இருக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். லத்தீனில் குளூட்டன் என்றால் பசை, அவ்வளவுதான். இத்தாலியின் பொலோனா நகரில் பெக்காரி என்ற அறிஞர் கோதுமை மாவைத் தண்ணீரில் கழுவி, அதிலிருந்து பசைபோன்ற பொருளைத் தனியாகப் பிரித்ததை 1728-ல் விவரித்தார். அது 1745-ல் அச்சில் வந்தது. அந்தக் கோதுமைப் பொருளுக்குக் குளூட்டன் என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்னொரு பக்கம், இன்றைய வியட்நாம் பகுதியில் வாழ்ந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் லூரெய்ரோ, அங்கே விளைந்த ஒட்டும் அரிசிக்கு 1790-ல் ஒரைசா குளூட்டினோசா என்று பெயர் வைத்தார். அவர் சொன்னது 'ஒட்டும் நெல்' என்பதைத்தான். இரண்டு பேரும் பசையைப் பார்த்தார்கள். ஆனால் ஒருவர் பார்த்தது புரதம், மற்றவர் பார்த்தது மாவுச்சத்து.

அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை உண்டு. அமைலோஸ் பெரும்பாலும் கிளையில்லாத நீளச் சங்கிலி. அது கூடுதலாக இருந்தால் சோறு பொலபொலவென்று உதிரும், ஆறினால் விறைக்கும். நாம் தினமும் வடிக்கும் அரிசிகளில் பெரும்பாலும் 15 முதல் 30 சதவீதம் வரை அமைலோஸ் இருக்கும். ஒட்டரிசியில் அது 2 சதவீதத்துக்கும் கீழே. அமைலோஸை உண்டாக்கும் மரபணு அதில் சரியாக வேலை செய்வதில்லை. மீதி எல்லாமே கிளைவிட்ட அமைலோபெக்டின் என்பதால், வெந்ததும் பருக்கைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. சீலியாக் உள்ளவர் உடலில் எதிர்வினையைக் கிளப்புவது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களின் புரதங்கள். அரிசியிலும் புரதம் உண்டு, ஆனால் அது அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

நம்ப முடியவில்லை என்றால் பெக்காரி செய்ததை அடுப்படியிலேயே செய்து பார்க்கலாம். கோதுமை மாவில் ஒரு எலுமிச்சை அளவு உருண்டை பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் வைத்து விரலால் மெதுவாகக் கசக்குங்கள். தண்ணீர் பால்போல ஆகும். தண்ணீரை மாற்றி மாற்றிக் கசக்கினால், கடைசியில் சாம்பல் கலந்த மஞ்சளில் ரப்பர் மாதிரி இழுபடும் கட்டி ஒன்று கையில் மிஞ்சும். அதுதான் குளூட்டன். ஒட்டரிசி மாவை அதே மாதிரி உருட்டிக் கசக்கினால் முழுவதும் தண்ணீரில் கரைந்து போய்விடும், கையில் ஒன்றும் நிற்காது. வேகவைத்தால் மட்டுமே ஒட்டுகிற பொருள் அது. பச்சை மாவில் அந்தப் பிடிப்பு கிடையாது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மாவில் கோதுமை கொஞ்சம் கலந்திருக்கிறதா என்பதை இந்தச் சோதனை காட்டாது. சீலியாக் வீட்டுக்குத் தேவைப்படுவது அந்தக் கேள்விக்கான பதில்தான்.

குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்வதற்கு நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அமெரிக்க ஆணையமும் வைத்திருக்கும் எல்லை ஒன்றுதான்: ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டன். கோதுமை மாவில் தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று கொள்வோம். அப்படியானால் ஒரு கிலோ அரிசி மாவில் 0.2 கிராம் கோதுமை மாவு விழுந்தாலே எல்லையைத் தொட்டுவிடுகிறோம். அது இரண்டு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகைகூட வராது.

இப்போது மாவு மில்லை நினைத்துப் பாருங்கள். காலையில் நான்கைந்து பேர் கோதுமை அரைத்துப் போன அதே இயந்திரம். கல்லின் இடுக்கில், வாயில் கட்டிய துணிப்பையின் மடிப்பில், மேலே கொட்டும் தொட்டியின் மூலையில் மாவு படிந்திருக்கும். எல்லாம் சேர்த்து 50 கிராம்தான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நாம் 2 கிலோ ஒட்டரிசி கொடுக்கிறோம். அந்த 50 கிராமும் நம் மாவில் வந்தால் அதில் 5 கிராம் குளூட்டன், அதாவது கிலோவுக்கு 2,500 மில்லிகிராம். எல்லையைப்போல 125 மடங்கு. "முதல்ல ஒரு கிலோ பச்சரிசியைப் போட்டு ஓட்டிடறேங்க" என்று மில்காரர் நல்ல மனதோடு சொல்வார். அதில் பெரும்பகுதி போய்விடும் என்பதும் உண்மை. ஆனால் 2 கிலோ மாவுக்கு அனுமதி 0.4 கிராம் மட்டுமே. படிந்திருந்த 50 கிராமில் 49.6 கிராம் வெளியேறிவிட்டதா என்று துணிப்பையை உதறிப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. காற்றில் பறக்கும் மாவு வேறு. அரிசிக்கு மட்டும் என்று தனி இயந்திரம் வைத்திருக்கும் மில்லில்கூட, பக்கத்து இயந்திரத்தில் கோதுமை ஓடினால் எனக்கு மனம் ஒப்பாது. விலை குறைவு, நேரம் மிச்சம், மாவும் நைஸாக வரும். அந்த வசதிகள் எல்லாம் இந்த ஒரு கணக்கில் அடிபட்டுப் போகின்றன.

பாக்கெட் மாவு நடுத்தரம். குளூட்டன் இல்லை என்று லேபிளில் தெளிவாக எழுதியிருந்தால் வாங்கலாம். அந்த வரி இல்லாமல் 'அரிசி மாவு' என்று மட்டும் பொருள் பட்டியல் இருந்தால், அது எங்கே அரைபட்டது என்பது நமக்குத் தெரியாது. 'கோதுமை கையாளும் ஆலையில் தயாரானது' என்று போட்டிருந்தால் நாங்கள் தொடுவதில்லை. வெளிநாட்டு மாவு என்றால் வேறொரு குழப்பமும் உண்டு: சாதா அரிசி மாவும் ஒட்டரிசி மாவும் ஒரே மாதிரி பாக்கெட்டில், நிறம் மட்டும் மாறி வரும். மாற்றி எடுத்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, பலகாரம்தான் கெட்டியாகிவிடும்.

முழு அரிசியின் பெரிய பலம், அதைக் கண்ணால் பார்த்துப் பொறுக்கலாம், தண்ணீரில் கழுவலாம் என்பது. மாவாகிவிட்ட பிறகு இந்த இரண்டும் நடக்காது. கவுனியைத் தாம்பாளத்தில் பரப்பினால் கருப்புக்கு நடுவில் ஒரு கோதுமை மணி பளிச்சென்று தெரியும். வெள்ளை ஒட்டரிசி கண்ணாடிபோல இருக்காது, பால் நிறத்தில் மங்கலாக இருக்கும். அதிலும் பழுப்பு மணி தப்பாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பிப் பார்த்து, மூன்று நான்கு தண்ணீரில் களைந்தால் மேலே ஒட்டியிருக்கும் தூசியும் போய்விடும். சாக்கில் இருந்து அள்ளிக் கொடுக்கும் சில்லறை அரிசியைவிட, மூடி வரும் பாக்கெட் அரிசி நல்லது. கடையில் கோதுமைக்கும் அரிசிக்கும் ஒரே அள்ளும் கரண்டி.

வெள்ளை அரிசியை நான்கைந்து மணி நேரம் ஊறவைத்தால் போதும். கவுனிக்கு இரவு முழுவதும் வேண்டும், தவிட்டுத் தோல் கெட்டி. வடிகட்டி, சுத்தமான துணியில் நிழலில் விரித்து, கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் ஒட்டக் கூடாது என்ற பதத்தில் மிக்சியில் அரைத்துச் சலிக்க வேண்டும். ஜாரைப் பாதிக்கு மேல் நிரப்பினால் சூடேறி மாவு கட்டி கட்டும். ஈர மாவை அன்றைக்கே பயன்படுத்துவோம். வைக்க வேண்டும் என்றால் வெறும் வாணலியில் ஆவி அடங்கும்வரை வறுத்து ஆற வைப்போம்.

இந்த வழியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அது சல்லடை. மைதாவும் கோதுமையும் சலித்த சல்லடையின் கம்பி வலையை எவ்வளவு தேய்த்தாலும் கண்ணிகளில் மாவு தங்கும். மேலே சொன்ன 0.2 கிராம் கணக்குக்கு அதுவே போதும். எனவே சல்லடை, துணி, மிக்சி ஜாரின் ரப்பர் வளையம் மூன்றும் எங்கள் வீட்டில் தனி. சப்பாத்தி மாவு பிசையும் மேடையில் இந்த வேலை நடக்காது.

கவுனி வாங்குவோருக்கு ஒரு குறிப்பு. கருப்பாக இருப்பதெல்லாம் ஒரே அளவு ஒட்டுவதில்லை. ஒரு மணியை ஊறவைத்துக் குறுக்கே வெட்டி, உள்ளே இருக்கும் வெள்ளையில் புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தைத் தண்ணீர் கலந்து ஒரு துளி விடுங்கள். அமைலோஸ் உள்ள அரிசி என்றால் கருநீலமாகும். ஒட்டும் வகை செம்பழுப்பாகும். இது ஒட்டும் தன்மைக்கான சோதனை மட்டுமே, குளூட்டனுக்கானது அல்ல.

சமையலில் எங்கள் அனுபவம் கவுனிப் பொங்கல், புட்டு, இனிப்புக் கொழுக்கட்டை வரைதான். புட்டுக்கு ஒட்டரிசி மாவை மட்டும் போட்டால் குழலுக்குள் களியாகிவிடும், பாதிக்குப் பாதி பச்சரிசி மாவு கலந்தால் உதிரும். கோதுமைக்குப் பதில் இதைப் போட்டு ரொட்டி உப்ப வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அது நடக்காது. ஒட்டரிசி இழுபடும், ஆனால் குளூட்டன்போல வலையாகி காற்றைப் பிடித்து வைக்காது. ஜப்பானிய ஒட்டரிசிப் பலகாரமான மோச்சி எங்கள் வீட்டில் செய்ததில்லை, அதனால் அதில் மிக்சி மாவு எப்படி வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

வெளியில் சாப்பிடும்போது அரிசியைவிட அதனோடு சேர்வதைக் கேளுங்கள். சீன, ஜப்பானிய ஒட்டரிசிப் பலகாரங்களில் ஊற்றும் சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கும். கொரியாவின் கோச்சுஜாங் மிளகாய் விழுது ஒட்டரிசியில் செய்வதுதான், ஆனால் அதில் முளைகட்டிய பார்லி மாவு சேர்ப்பது வழக்கம். நம் பக்கம் காரக் கொழுக்கட்டையில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ இருக்கும். டப்பாவின் பின்பக்கத்தில் அது எழுதியே இருக்கும். அரிசி மாவோ கருவேல்பிசினோ மட்டும் சேர்த்த பெருங்காயமும் கடையில் கிடைக்கிறது.